பிளாக் செய்ததில் வீணான ஒரு சனிக்கிழமை

காதலித்தவரோடு இரண்டு வருடப் பழக்கம் முடிந்த பிறகு, என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் வங்கிப் பாஸ்புக்கும் அவரிடம் இருந்தன. அவருடைய ஹெல்மெட்டும் டிபன் பாக்ஸும் என்னிடம். "சனிக்கிழமை காலை 11 மணிக்கு தர்மபுரி பஸ் நிலையத்துக்கு வா, பொருட்களை மாற்றிக்கொள்வோம், அதோடு எல்லாம் முடிந்தது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அனுப்பிய சூட்டோடு பிளாக்கும் செய்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி, மடியில் ஹெல்மெட்டோடு போய் இறங்கினேன். ஒரு மணி வரை நின்றேன். யாரும் வரவில்லை. "அன்றைக்கு எனக்கு டியூட்டி, ஞாயிறு வருகிறேன்" என்று அவர் அப்போதே பதில் போட்டிருந்ததைத் தோழி விசாரித்துச் சொன்னாள். பிளாக்கில் இருக்கும்போது வரும் செய்தி நமக்குக் கிடைக்காது. பிறகு பிளாக்கை எடுத்தாலும் வந்து சேராது. அனுப்பியவருக்கோ ஒற்றை டிக் மட்டும்தான் தெரியும். எனவே பொருள் கைக்கு வரும் வரை பிளாக் செய்யாதீர்கள். அறிவிப்பு ஒலியை மட்டும் அணைத்து வையுங்கள்.

பிளாக்கை எடுத்துவிட்டு, இரண்டாவது செய்தியை எழுத ஒரு மாலை முழுக்கப் போயிற்று. "நீ" என்று எழுதினால் பழைய உரிமை எட்டிப் பார்த்தது. "நீங்கள்" என்றால் குத்திக் காட்டுவது போல இருந்தது. கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு, மனு எழுதுகிற மாதிரி எழுதினேன்:

"மதிப்பெண் சான்றிதழ் (அசல்), பாஸ்புக் இரண்டையும் ஞாயிறு மாலை 5 மணிக்குள் நான்கு ரோடு அருகே உள்ள தோழியின் தையல் கடையில் கொடுக்கவும். ஹெல்மெட், டிபன் பாக்ஸ் அங்கேயே இருக்கும். நேரம் சரிப்படாவிட்டால் வேறு நாள் மட்டும் தெரிவிக்கவும். பொருட்கள் கிடைத்த பிறகு அழைப்போ செய்தியோ வேண்டாம். நானும் தொடர்புகொள்ள மாட்டேன்."

"நலமா" என்று ஒரு வார்த்தை முதலில் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் வரும், பதிலுக்குப் பதில் போகும் என்று அதை எடுத்துவிட்டேன். கொடுக்க வேண்டியவற்றை முன்கூட்டியே படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பி வைத்தேன்.

ஞாயிறு ஆறு மணிக்குத் தோழி அழைத்தாள். "சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார், அசலா?" என்றேன். "அசல்தான்டி, நீ முதலில் சாப்பிடு" என்றாள். அந்த நிமிடமே பிளாக் செய்தேன்.

மறுநாள் பணம் அனுப்பும் செயலியில் ஒரு ரூபாய் வந்து விழுந்தது. குறிப்பில் "டிபன் பாக்ஸ் மூடி?" என்று இருந்தது. அங்கேயும் ஒருமுறை தனியாக பிளாக் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. செய்துவிட்டேன். மூடி பாத்திர அலமாரியில் இருக்கிறது. அடுத்த முறை தோழி வரும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.