எழுதிக் கேட்டால் போடுவார்களா?

"எழுதிக் கேட்டா போடுவாங்களா புள்ள?" என்று அந்த அக்கா கேட்டார். கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கும் ஒரு எமோஜி வேண்டும் என்றுதான். "போடமாட்டாங்க அக்கா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அடுத்த ஆளுடைய கொழுந்தைத் தராசில் வைத்துவிட்டார்கள், அக்காவும் சாக்கை உதறிக்கொண்டு போய்விட்டார். ஒரு வருடம் ஆகிறது, அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. சொன்னது பொய்யில்லை. ஆனாலும்.

தோட்டத்துக்கு நாங்கள் செய்து கொடுத்தது சின்ன வேலை. கொழுந்து நிறுத்த உடனே எத்தனை கிலோ என்று அந்த ஆளின் போனுக்கு மெசேஜ் போகும், மடுவத்தில் இருக்கும் டேப்லட்டிலும் காட்டும். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களும் இருந்ததால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம் வேண்டும் என்று முடிவானது. தனியாகப் படம் வரைந்தால் மெசேஜில் போகாது, அதனால் எமோஜி. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில். நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள், அம்மா கொழுந்து எடுத்தவர், ஆகவே எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

முதலில் போட்டது 👩‍🌾, பெண் விவசாயி. வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தோட்டக்காரி மாதிரித்தான் இருக்கும், சரி, கிட்டத்தட்ட என்று விட்டேன். இது ஒரே எழுத்து இல்லை, மூன்று சேர்ந்தது:

```
U+1F469  பெண்
U+200D   கண்ணுக்குத் தெரியாத ஒட்டு
U+1F33E  நெற்கதிர்
```

நடுவில் இருக்கும் அந்த ஒட்டு போய்விட்டால் பெண் தனியாக, கதிர் தனியாக நிற்கும். பழைய போன்களில் அந்தச் சேர்க்கைக்குப் படம் இல்லாவிட்டாலும் இதே கதிதான். எங்கள் விஷயத்தில் போன்மேல் பழிபோட முடியாது. டேட்டாபேஸில் போடும் முன் "தேவையில்லாத" எழுத்துகளைத் துடைக்கும் ஒரு வரியை நானே எழுதியிருந்தேன், அது ஒட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

சிங்களத்திலும் இதே ஒட்டுதான். "ஸ்ரீ" என்று எழுத அது வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து பிரிந்து நிற்கும். பெயரில் ஸ்ரீ உள்ள ஒரு மேற்பார்வையாளர் அன்று மத்தியானமே போன் எடுத்து ஏசினார். பெண்ணும் நெல்லும் பிரிந்து நின்றது மூன்று வாரம். ஒருவரும் சொல்லவில்லை. நான் போய் நேரில் கேட்டபோதுதான் அந்த அக்கா சிரித்தார். "நம்ம எங்க புள்ள நெல்லு வெட்டுனோம்?" படம் பிழை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தங்களுக்காகத் திருத்துவார்கள் என்ற எண்ணம்தான் வரவில்லை. அப்படித்தான் எனக்குப் படுகிறது, அவர்களைக் கேட்டால் வேறு சொல்லலாம்.

ஒட்டைச் சரிசெய்தேன், ஆனால் பழைய போன்கள் இருக்கின்றனவே. அதனால் ஒரே எழுத்தாக இருக்கும் ஒன்றைத் தேடி 🧕 போட்டேன். U+1F9D5, இரண்டாகப் பிரியாது. தலையில் துணி கட்டியிருக்கிறாள், எங்கள் பெண்களும் வெயிலுக்கும் மழைக்கும் தலையில் மாட்டும் கூடைக் கயிறு இழுப்பதற்கும் துணி கட்டுகிறவர்கள்தானே. என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை. எங்கள் அலுவலகத்திலேயே பர்தா போடும் ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவள் திரையைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், "அது நான் அக்கா" என்றாள். மடுவத்திலும் அதையேதான் சொன்னார்கள்: "இது முஸ்லிம் புள்ளயில்ல?"

அந்த எமோஜி வந்த கதை எனக்குத் தெரியும். பெர்லினில் இருந்த சவூதிப் பெண் ரயூஃப் அல்ஹுமைதி, 15 வயது, தோழிகளுடைய சாட் குரூப்பில் தன்னைக் காட்ட ஒரு படம் இல்லையே என்று 2016இல் எமோஜிகளை முடிவுசெய்யும் யூனிகோடு அமைப்புக்கு எழுதிக் கேட்டாள். 2017இல் வந்துவிட்டது. தலைப்பாகை கட்டிய ஆளின் படம் அதற்கு முன்பே இருந்தது, முக்காடு போட்ட பெண்தான் இல்லை. அப்படிக் கேட்டு வாங்கியதை நான் மழைத்துணிக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். எடுத்துவிட்டேன்.

அப்புறம் நான் செய்ததுதான் இன்னும் மோசம், அல்லது அதுதான் நியாயம், தெரியவில்லை. 2019இல் வந்த 🧑‍🌾 போட்டேன், ஆணா பெண்ணா என்று சொல்லாத விவசாயி. மலையில் இப்போது ஆண்களும் கொழுந்து எடுக்கிறார்கள், யாரையும் விடாமல் இருக்கும் என்று கூட்டத்தில் விளக்கம் கொடுத்தேன், எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா பார்த்த உடனே, "ஆம்பளையப் போட்டுட்டீங்களா?" காதில் தோடு இல்லை, பொட்டு இல்லை, முடி குட்டை. அவருடைய கண்ணுக்கு அது பையன். தமிழில் "அவர்" என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிவரும், படத்தில் அப்படி ஒரு "அவர்" வரைவது கஷ்டம். சரி, கொழுந்து எடுக்கிற பெண்ணை மடுவத்தில் யார் "அவர்" என்றார்கள்? "அவ" தான். எழுத்தில் அவராக்கி மரியாதை கொடுத்ததாக நினைத்து, அங்கே நிற்கிற பத்தில் எட்டுப் பேரை நான்தான் மறைத்தேன். ஆனால் அதே மடுவத்தில் ஒரு தம்பி, "இப்பத்தான் நம்மளும் இருக்கோம்" என்றான். அவனையும் விட முடியாது.

அன்றைக்குத்தான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், விதிகள் தெரியும். யாரும் யூனிகோடுக்கு எழுதலாம், பணம் வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லை உலகம் எவ்வளவு தேடுகிறது என்று காட்ட வேண்டும், கூகுள் டிரெண்ட்ஸில் "யானை" என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒப்பிட்டு. யானைக்குக் கிட்ட வந்தால் நல்லது. ரொம்பக் குறிப்பான ஒன்றாக இருந்தால் தள்ளிவிடுவார்கள். அன்று இரவு டீ ப்ளக்கர் என்று போட்டுப் பார்த்தேன். யானை மேலே, அது தரையோடு தரையாக. கொழுந்து எடுக்கிறவர்கள் தங்களை ஏன் கூகுளில் தேடப் போகிறார்கள்? தேடாதவர்கள் தேடலை வைத்து அளக்கப்படுகிறார்கள். இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. ஆனால் யூனிகோடுகாரர்கள் பக்கமும் புரிகிறது, உலகத்தில் உள்ள ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு படம் என்றால் கீபோர்டில் விரல் எங்கே போய் நிற்கும்?

இதெல்லாம் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். "போடமாட்டாங்க" என்பதற்குப் பதில் "கஷ்டம், ஆனா கேக்கலாம்" என்றாவது. அந்த 15 வயதுப் பிள்ளையிடம் யாரும் "போடமாட்டாங்க" என்று சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

போன மாதம் நானே உட்கார்ந்து வரைந்தேன். விண்ணப்பத்துக்கு 72 பிக்சலில் ஒன்று, 18 பிக்சலில் ஒன்று வேண்டும். 72இல் அழகாக வந்தது. உச்சந்தலையில் மடித்துப் போட்ட துணி, அதன் மேலே கூடைக் கயிறு, பின்னால் கூடையின் விளிம்பு, காதில் தோடு, எங்கள் அம்மா மாதிரியே. அதை 18க்குச் சுருக்கினேன். கயிறு ஒரு பிக்சல், அது முடியின் கறுப்போடு கலந்து போனது. தோடு ஒரு புள்ளி, அதுவும் போனது. கூடை, தோளில் ஏதோ அழுக்கு ஒட்டின மாதிரி. கயிற்றைத் தடிப்பாக்கினால் நெற்றியில் கட்டுப் போட்ட நோயாளி. மூன்று தரம் மாற்றினேன். கடைசியில் மிஞ்சியது தலையில் துணி போட்ட ஒரு பெண், 🧕 பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

ஃபைல் இன்னும் டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. தோட்டத்துக்குப் போகிற நாட்களில் மடுவத்துப் பக்கம் போகாமல் ஆபீஸிலேயே வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். டேப்லட்டில் இப்போது ஆள் படமே இல்லை, ஒரு இலை 🍃 மட்டும். உடையாது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.