மாவடுக் குறிப்பை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனது: அளவும் தேதியும்

எடுத்துக்கொண்டது ஒரே ஒரு தாள். கையெழுத்தில் உள்ள மாவடுக் குறிப்பு. வெளிநாட்டில் வளர்ந்த, தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துப் போட வேண்டும் என்பது நோக்கம். தாளில் இருப்பது இவ்வளவுதான்:

"உ. வடு ஒரு படி. கல்லுப்பு அரைக்கால் படி. மிளகாய் வற்றல் ஒரு பலம். கடுகு ௨ ஸ்பூன். மஞ்சள் கொஞ்சம். விளக்கெண்ணெய் 25 மி.லி. மூணாம் நாள் பொடி சேர்க்கவும். பிரபவ ௵ பங்குனி ௴ ௨௰ ௳."

முதல் சுற்று: எண்களை மட்டும் படித்தது

மேலே இருக்கும் "உ" பிள்ளையார் சுழி. கடுகுக்கு முன்னால் இருக்கும் ௨ இரண்டு என்ற எண். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், தட்டச்சு செய்பவர் முதல் வரியை "2 வடு" என்று அடித்துவிட வாய்ப்பு உண்டு. ௨௰ என்பது இருபது. ௰ பத்தைக் குறிக்கும் தனி எழுத்து. அதைப் பத்து என்று படித்து இரண்டுக்குப் பக்கத்தில் ஒட்டினால் 210 ஆகிவிடும்.

பெரிய விபத்து நடக்கக்கூடிய இடம் "அரைக்கால் படி". பழகாதவர்கள் இதை "அரையோ காலோ" என்று எடுக்கிறார்கள், இல்லையென்றால் அரையும் காலும் கூட்டி முக்கால் என்கிறார்கள். அரைக்கால் என்றால் காலில் பாதி, எட்டில் ஒரு பங்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதால் இங்கே உப்பு சரியாக ஒரு ஆழாக்கு. அரைப்படி என்று போனால் உப்பு நாலு மடங்கு; வடு தோலாகச் சுருங்கி வாயில் வைக்க முடியாது.

இரண்டாம் சுற்று: ஆழாக்கை அளந்தது

ஆழாக்கு 168 மில்லி என்று பல அட்டவணைகள் சொல்கின்றன. அதை அப்படியே எடுக்க முடியாது. கடையில் இன்று ஆழாக்கு என்று விற்பது அதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். ஊருக்கு ஊரும் மாறியது. குறிப்பு எழுதிய வீட்டின் பாத்திரம் கிடைத்தால் அதைத்தான் நம்ப வேண்டும். வழி எளிது: சமையல் தராசில் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை பார்ப்பது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. இந்த வீட்டுப் பித்தளை ஆழாக்கு 170 காட்டியது. ஆகவே படி 1,360 மில்லி.

பிறகு, கன அளவை ஆங்கிலத்தில் கப்பாக மாற்றாமல் எடையாக மாற்றியாயிற்று. இதற்குக் காரணம் உப்பு. கல்லுப்பின் கற்களுக்கு நடுவே காற்று நிற்கும்; தூள் உப்பில் அவ்வளவு நிற்காது. அதே ஆழாக்கில் தலைதட்டி அளந்தால் கல்லுப்பு 180 கிராம், தூள் உப்பு 205 கிராம். போதாததற்கு அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. எடை எழுதிவிட்டால் எந்த உப்பு, எந்த நாட்டுக் கப் என்ற கேள்வியே வராது.

வடு இன்னும் சிக்கல். படி என்று எழுதியவர் தலைதட்டினாரா, கும்பமாக அளந்தாரா? உப்பைத் தலைதட்டி அளப்பதும் காயைக் கும்பமாகக் குவிப்பதும் பல வீடுகளின் பழக்கம். தலைதட்டினால் வடு 820 கிராம், குவித்தால் 950 கிராம் வந்தது. உப்பு விகிதம் முதலாவதில் 22 சதவீதம், இரண்டாவதில் 19. இரண்டுமே ஊறுகாய்க்குத் தாங்கும் அளவுதான். ஆனால் உப்பு குறைந்தால் வடு கொழகொழத்து மேலே வெள்ளைப் படலம் கட்டும் என்பதால், தலைதட்டிய கணக்கை எடுத்து "ஒரு கிலோ வடுவுக்கு 220 கிராம் கல்லுப்பு" என்று எழுதினோம். வடு சிறிதானால் படியில் அதிகம் அடங்கும். கிலோ கணக்கில் அந்தத் தொல்லையும் போனது.

பலம் என்பது 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1,400 கிராம். சிலர் பலத்தை அவுன்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். அவுன்ஸ் 28 கிராம்தான். மிளகாய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். கிலோ வடுவுக்குக் கணக்கிட்டால் 43 கிராம் வரும், 40 என்று போட்டால் போதும். முழுக்கணக்கையும் முடித்த பிறகே முழு எண்ணாக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் சரிசெய்துகொண்டே போனால் பிசகு கூடிக்கொண்டே வரும்.

ஸ்பூன் என்பது டீ ஸ்பூனா மேசைக்கரண்டியா என்று தாளில் இல்லை. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் 15. அந்த வீட்டுக் கரண்டி 5 மில்லி பிடித்ததால் `tsp` என்று மூன்றெழுத்தில் இட்டோம். ஒற்றை எழுத்தில் `T`, `t` என்று விடுவது வேண்டாம். கணினியில் எழுத்து மாறினாலே மூன்று மடங்கு வித்தியாசம்.

ஒன்றரை வரும் இடத்திலும் கவனம் தேவை. `1 1/2` என்று இடைவெளி விட்டு அடித்தது, நகலெடுத்து ஒட்டும்போது `11/2` ஆகிவிடும். பார்ப்பவருக்குப் பதினொன்றின் பாதி, அல்லது ஒரு தேதி. `1½` என்ற ஒற்றைக் குறி அல்லது 1.5 பாதுகாப்பு.

"கொஞ்சம்" என்பதற்குத் துல்லியமான எண் கொடுக்கவில்லை. மஞ்சள் கூடினாலும் குறைந்தாலும் வடு கெடாது. "அரை டீ ஸ்பூன் அளவுக்கு" என்று மட்டும் எழுதினோம்.

மூன்றாம் சுற்று: நாளும் தேதியும்

"மூணாம் நாள்" என்றால் போட்ட நாளும் சேர்த்து மூன்று. வெள்ளியன்று உப்புப் போட்டால் ஞாயிறு. மூன்று நாள் கழித்து என்று ஆங்கிலத்தில் எழுதினால் திங்கள் ஆகிவிடும். மாவடுவுக்கு ஒரு நாள் பெரிதில்லை, ஆனால் வேறு குறிப்பில் இதே பிழை உறுத்தும். ஆகவே "48 மணி நேரம் கழித்து" என்று வைத்தோம்.

கடைசி வரி நேரத்தை விழுங்கியது. ௵ ஆண்டு, ௴ மாதம், ௳ நாள். பிரபவ 1987 என்று தேடிப் பார்த்துவிட்டு, ஏப்ரல் 1987 என்று எழுதத் தோன்றும். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. பங்குனி கடைசி மாதம். பிரபவப் பங்குனி 1988 மார்ச், ஏப்ரலில்தான் வரும். அறுபதாண்டுச் சுழற்சியில் 1928-உம் பொருந்தும், ஆனால் தாளில் "மி.லி." இருக்கிறது. இந்தியாவில் மெட்ரிக் அளவை வந்தது 1950-களின் கடைசியில். அதனால் 1988 என்றே முடிவு. பங்குனி 20 ஏப்ரல் 2 அல்லது 3-ல் விழும். அந்த ஆண்டின் பஞ்சாங்கம் பார்த்தால் நாள் உறுதிப்படும்.

ஏப்ரல் 2 என்றே வைத்துக்கொண்டாலும் அதை `2/4/88` என்று எழுதக் கூடாது. அமெரிக்காவில் அது பிப்ரவரி 4. மாதப் பெயரை எழுத்தில் எழுதி, ஆண்டை நாலு இலக்கத்தில் கொடுத்தோம். ஜாடியின் மேல் ஒட்டும் சீட்டிலும் அதே முறை. எண்ணைப் பார்த்து யாராவது ஊறுகாய் இரண்டு மாதம் பழையது என்று தூக்கிப் போட வேண்டியதில்லை.

மூலத்தின் "அரைக்கால் படி"யை அழிக்கவில்லை. கிராமுக்குப் பக்கத்திலேயே அதையும் ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறோம். தராசு இல்லாத நாளில், காயையும் உப்பையும் ஒரே பாத்திரத்தால் எட்டுக்கு ஒன்று என்று அளந்துகொள்ளலாம். அந்த விகிதத்துக்குப் பாத்திரத்தின் கொள்ளளவு தெரிய வேண்டியதில்லை.