கரண்டிக் கணக்கில் கோப்பியை விட்ட கதை

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆலை வாசலில் லோரி நிறுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரியின் மொத்த எடையையும், குலையைக் கொட்டிவிட்டு வெறுமனே திரும்பிய எடையையும் மாற்றி மாற்றி எழுதிவிட்டேன். பதினாறு வருஷ வேலையில் அப்படி ஒரு பிழை எனக்கு வந்ததில்லை. தலை அப்படி வலித்தது. இரண்டு கண்ணுக்கும் பின்னால் யாரோ விரலை வைத்து அமுக்குகிற மாதிரி. குனிந்து பேனாவை எடுத்தால் நாடித் துடிப்போடு சேர்ந்து வலியும் துடித்தது. மேலெல்லாம் காய்ச்சலுக்கு முந்தின நாள் போல அசதி.

நான் செய்தது ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக் கோப்பியோடு கோப்பியை நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அம்மா பால் மரம் வெட்டிய காலத்தில் விடிகாலை பெரட்டுக்குப் போகும் முன் ஒரு மங்கு கோப்பி ஓ குடிப்பார். அது எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. எனக்கு இரவில் தூக்கம் வராமல் போனதும், வயிறு எரிந்ததும் ஒரு வருஷமாக நடந்தது. "ஏங்க, அந்தக் கருப்புத் தண்ணியை விட்டுட்டுப் பாருங்களேன்" என்று மனைவி சொல்லிச் சொல்லி, நானும் ஒரு வீராப்பில் ஒரே நாளில் விட்டேன்.

ஞாயிறு காலை ஒன்றும் தெரியவில்லை. பத்து மணிக்கு மேல் நெற்றி கனத்தது. கடைசிக் கோப்பி குடித்து அப்போது பதினெட்டு மணி நேரம். சாயங்காலம் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் சத்தம் போட்டால் எரிச்சலாக வந்தது. திங்கள் உச்சம். அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், இது எனக்கு மட்டும் வந்த கூத்து இல்லை, இதன் கால அட்டவணையே அதுதான் என்று. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும், முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு இரண்டு நாளில் விடும், சிலருக்கு ஒன்பது நாள் வரை இழுக்கும்.

அன்றைக்கு என் தவிப்பைப் பார்த்து, கூட வேலை செய்பவர் தன் மேசையிலிருந்து இரண்டு தலைவலி மாத்திரை கொடுத்தார். அரை மணி நேரத்தில் வலி போனது. வலி மட்டும் போகவில்லை, மந்தமும் போய் மனசு துள்ளியது. என்னடா இது, வலி மாத்திரைக்கு உற்சாகம் எப்படி வரும் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பாரசிட்டமோல் 500 மில்லிகிராம், காஃபின் 65 மில்லிகிராம். இரண்டு மாத்திரை என்றால் 130. கோப்பியை வாசலில் விரட்டிவிட்டு மாத்திரை வழியாகக் கொல்லைப்புறத்தில் கூட்டி வந்திருக்கிறேன்! தெரிந்தும் செவ்வாய், புதன் அதையேதான் போட்டேன், வேலை ஓட வேண்டுமே.

புதன் சாயங்காலம் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருக்கும் உதவி மருத்துவ அதிகாரியை நாங்கள் இன்னும் டிரேசர் என்றுதான் சொல்வோம். முதலில் இரத்த அழுத்தம் பார்த்தார். காய்ச்சல் உண்டா, கழுத்து விறைக்கிறதா, கை கால் மரத்ததா, பேச்சு குழறியதா, வலி ஒரே நொடியில் இடி மாதிரி வந்ததா என்று கேட்டார். எதற்கும் 'ஆமாம்' இல்லை. இருந்திருந்தால் இது கோப்பிக் கதை இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு என்றார்.

"அண்ணே, ஒரு கோப்பி குடிச்சா ஒரு மணி நேரத்துல வலி விட்டுடுதா?"

"விட்டுடும்னுதான் நினைக்கிறேன், குடிச்சுப் பார்க்கல. மாத்திரைக்கு விட்டுச்சு."

அவர் சிரித்துவிட்டு விளக்கினார். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் இருக்கையில் உட்கார்ந்தால் தூக்கம் வரும், இரத்தக் குழாய்களும் விரியும். காஃபின் செய்வது அந்த இருக்கையில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்வது. தினமும் இப்படி நடந்தால் உடம்பு சும்மா இருக்காது, கூடுதல் இருக்கை போட்டுவிடும். ஒரு நாள் கோப்பி வராவிட்டால் இருந்த இருக்கை, புதிதாகப் போட்ட இருக்கை எல்லாவற்றிலும் அடினோசின் வந்து உட்காரும். குழாய்கள் அளவுக்கு மேல் விரிவதில் தலைவலி, அடினோசின் வேலையில் அசதி. கூடுதல் இருக்கைகளை உடம்பு எடுத்துப் போடச் சில நாள் ஆகும். இதனால் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாலும் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். "ஆனா நீங்க லோரிக்கு நடுவுல நிக்கிற ஆளு, அரைத் தூக்கத்துல நிக்காதீங்க. திரும்பக் குடிங்க, அளந்து குறைங்க. அந்த மாத்திரையை மட்டும் விடுங்க. மாசத்துல பத்து நாளைக்கு மேல போட்டா அதுவே தலைவலியைக் கொண்டு வரும்."

வீட்டுக்கு வந்து மனைவி கையால் ஒரு மங்கு. நாற்பது நிமிஷத்தில் தலை கழற்றி வைத்தது போல் லேசானது. சந்தேகமே இல்லை, நோய் அதுதான்.

சரி, எவ்வளவு குடிக்கிறேன்? கேட்டால் 'ஒரு நாளைக்கு நாலு கோப்பி' என்பேன். அது கணக்கே இல்லை. எங்கள் கடைத்தெருத் தூளுக்குக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள். பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டை, அராபிக்காவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின். ஒரு மங்கில் எத்தனை மில்லிகிராம் என்று நம் வீட்டு அடுப்படியில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மில்லிகிராம் தேவையும் இல்லை. அதே தூள், அதே துணி வடிகட்டி, அதே அளவு தண்ணீர் என்றால் கரண்டியே போதும். குறைப்பது விகிதத்தைத்தானே.

முதல் மூன்று நாள் எதையும் குறைக்காமல் அளக்க மட்டும் செய்தோம். மனைவி கத்தி முதுகால் கரண்டியை வழித்து மட்டமாக்கினார். நான் காலையில் 'இரண்டு கரண்டி' என்று போட்டுக்கொண்டிருந்தது மட்டக் கரண்டியில் நாலு! பத்து மணிக்குச் சீனன் கடையில் குடிப்பதை நிறுத்தி, அதையும் ஃபிளாஸ்கில் சேர்த்துக்கொண்டேன். கடைக்காரர் கை அளவை நான் எப்படி அளப்பது? காலை நாலு, ஃபிளாஸ்கில் ஐந்து, சாயங்காலம் மூன்று. மொத்தம் பன்னிரண்டு.

முதல் வாரம் பத்து. சாயங்காலத்திலிருந்து இரண்டை எடுத்தேன், ஏனென்றால் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரண்டாம் வாரம் எட்டு, சாயங்காலக் கோப்பியே இல்லை. அதன் இடத்தில் மல்லிக் கோப்பி. பெயரில்தான் கோப்பி, மல்லியும் சுக்கும் தவிர அதில் ஒன்றும் கிடையாது. மூன்றாம் வாரம் ஆறு. இது வரை தலைவலி எட்டிப் பார்க்கவில்லை. இரவு பதினொன்றுக்குத் தூக்கம் வந்தது, எனக்கே ஆச்சரியம்.

காலைக் கோப்பியை மட்டும் கடைசி வரை தொடவில்லை. இரவு முழுக்கக் கோப்பி இல்லாமல் கிடந்த உடம்பு அது, அங்கே கை வைத்தால்தான் கூப்பாடு போடும். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டேன். லீவு நாள் என்று ஒன்பதரை வரை தூங்கினேன், எழும்போதே தலை கனம். அளவு குறையவில்லை, நேரம்தான் நாலு மணி நேரம் தள்ளிப் போயிருந்தது. அதற்கு முன்னாலும் எத்தனையோ ஞாயிறுகளில் இந்த வலி வந்து, வெயில் என்றும் பித்தம் என்றும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு லீவு நாளிலும் ஐந்தரைக்கே எழுந்து குடித்துவிட்டுத் திரும்பப் படுத்தேன்.

நாலாம் வாரம் நாலு கரண்டி. கொஞ்சம் அசதி, மத்தியானம் கொட்டாவி. ஐந்தாம் வாரம் இரண்டு. அங்கேதான் சறுக்கினேன். மறுநாளே பழைய வலி, பழைய இடத்தில்.

வாரம் இரண்டு கரண்டி என்று ஒழுங்காகத்தானே குறைத்தோம்? நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது மனைவிதான் பிடித்தார். "பன்னெண்டுல ரெண்டு எடுக்கிறதும் நாலுல ரெண்டு எடுக்கிறதும் ஒண்ணாங்க?" பன்னிரண்டில் இரண்டு ஆறில் ஒரு பங்கு. நாலில் இரண்டு பாதி. கரண்டி ஒன்றுதான், ஆனால் உடம்புக்கு விழுந்த அடி மூன்று மடங்கு. அன்றைக்கே மூன்றுக்கு ஏறினேன், வலி இறங்கியது. அதிலிருந்து கணக்கை மாற்றினோம், கையில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் குறைப்பதில்லை. மூன்று, இரண்டே கால், ஒன்றே முக்கால், ஒன்றேகால், ஒன்று, அதற்கும் கீழே கால் காலாக முக்கால், அரை. ஒவ்வொன்றிலும் நாலைந்து நாள். தலை கனத்தால் அடுத்த படி இறங்காமல் அதே படியில் இன்னும் இரண்டு நாள்.

ஒரு கரண்டிக் கோப்பியைப் பார்த்து அம்மா, "இது கோப்பி கழுவின தண்ணிடா" என்றார். நிறம் அப்படித்தான் இருந்தது.

இடையில் தே தாரேக்கும் கோலாவும் கணக்கில் வந்தன. தேநீரிலும் காஃபின் உண்டு, கோலா டின்னிலும் முப்பது மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். ஃபிளாஸ்க் கோப்பியைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் தே தாரேக் இரண்டு குடித்தால் குறைத்ததாக ஆகாது. ஆகவே கடையில் பார்லி, இல்லாவிட்டால் லீமாவ் ஐஸ்.

அரைக் கரண்டியிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை முழுதாக விட்டேன். வலி இல்லை. மூன்று நாள் மத்தியானத்தில் கண் சொருகியது, அவ்வளவுதான். அளக்க ஆரம்பித்த நாளிலிருந்து மொத்தம் ஒன்பது வாரம் ஆகியிருந்தது.

மாத்திரை கொடுத்தாரே, அந்தப் பாங் போன மாதம் வந்து நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார். ஒவ்வொரு வருஷமும் நோன்பின் முதல் இரண்டு நாள் தலைவலியில் சுருண்டு கிடப்பாராம், பசியால் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நோன்புக்கு ஐந்து வாரம் இருந்தது. அவர் குடிப்பது த்ரீ இன் ஒன் பாக்கெட், நாளைக்கு நாலு. அதைக் கரண்டியில் அளப்பது எப்படி என்று கேட்டார். முதலில் ஒரு வாரம் நாலை மூன்றாக்குங்கள் என்றேன். அதற்குக் கீழே போகும்போது பாக்கெட்டைக் காலி ஜாடியில் கொட்டி, சீனியும் தூளும் சேரக் கலக்கி, அதிலிருந்து கரண்டியால் எடுங்கள் என்றேன். இப்போது அவர் மேசையில் மாத்திரை அட்டை இருந்த இடத்தில் ஒரு ஹார்லிக்ஸ் ஜாடி இருக்கிறது.