மகளின் முகத்தை வெளுக்க வைத்த பிரிண்டிங் கடை

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் எனக்குப் பகீரென்றது. கதாநாயகியின் கையும் கழுத்தும் மாநிறம், முகம் மட்டும் வெள்ளை வெளேர்! ஆபரேட்டரைக் கேட்டால், "பாப்பா முகம் டல்லா இருந்துச்சுக்கா, கொஞ்சம் பிரைட் பண்ணி விட்டேன்" என்கிறார். மகளின் பிறந்தநாளுக்காக, நான் வரைந்த கதாநாயகிக்குப் போட்டோவிலிருந்து அவள் முகத்தையே எடுத்துப் பொருத்தி, இராத்திரி இராத்திரியாக உட்கார்ந்து செய்த படக்கதைப் புத்தகம். இன்னும் மனசு ஆறவில்லை.

கதை எழுதுவதும் படம் வரைவதும் பெரிய சிரமமில்லை. முகம் பொருத்துவதில்தான் வேலை. முதலில் படத்தை வரைந்துவிட்டு, அதற்கேற்ப போட்டோ எடுங்கள். யானையை அண்ணாந்து பார்க்கும் காட்சிக்கு மகளை ஜன்னலோரம் நிறுத்தி, பரண் மேலிருந்த பொம்மையைப் பார்க்கச் சொன்னேன். படத்தில் வெயில் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் ஜன்னலும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம், போனிலுள்ள ஒரிஜினலையே எடுங்கள். அச்சில் 4 செ.மீ. அகல முகத்துக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் சுமார் 470 பிக்சல் தேவை.

GIMP என்ற போட்டோ எடிட்டிங் மென்பொருளில் உடம்பு அடி லேயர், நடுவில் முகம், எல்லாவற்றுக்கும் மேலே வரைந்த தலைமுடி. முடி நெற்றியையும் காதோரத்தையும் மூடிவிடுவதால் வெட்டி ஒட்டியது தெரியாது. தாடைக்குக் கீழே தெரியும் ஓரத்தை, லேயரில் வேண்டாத இடத்தை மறைக்கும் லேயர் மாஸ்கில் விளிம்பு மங்கலான பிரஷ்ஷால் கரைத்துவிடலாம். கழுத்து, கை நிறத்தை மகளின் கன்னத்திலிருந்தே கலர் பிக்கரால் எடுத்தேன். அதனால்தான் கடைக்காரர் செய்தது அப்படிப் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது.

திரையில் பார்ப்பதைவிடத் தாளில் நிறம் கொஞ்சம் இருண்டுதான் வரும், அது உண்மை. அதற்கு முகத்தை மட்டும் வெளுப்பதா வழி? முழுப் பக்கத்துக்கும் சேர்த்து வெளிச்சத்தை ஒரே அளவு ஏற்ற வேண்டும். அதே தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகமும் படத்திலுள்ள கையும் ஒரே நிறமாக இருந்தால் மிச்சத்தை அடிக்கச் சொல்லலாம்.

வேறொரு கடையில் திரும்ப அடித்தேன். ஏ3 தாளை மடித்து நடுவில் பின் அடிக்கும் 16 பக்கப் புத்தகம். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லையென்றால் வெற்றுப் பக்கம் விழும். இரண்டு பக்கம் விரியும் படத்தில் முகம் மடிப்பிலிருந்து 2 செ.மீ. தள்ளியே இருக்கட்டும், மடிப்பில் விழுந்தால் மூக்கு நசுங்கிவிடும்.

பில்லிலேயே "கலர் கரெக்‌ஷன் செய்யக் கூடாது" என்று எழுதி வாங்கினேன். இந்த முறை என் மகள் என் மகளாகவே வந்திருக்கிறாள். நீங்களும் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள்.