கறையான் தின்ற பங்குச் சான்றிதழ்

கொழும்பில் கம்பனிகளுக்குச் செயலாளர் வேலை பார்த்துக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. ஆண்டறிக்கை, இயக்குநர் கூட்டம், பதிவாளருக்கான படிவங்கள் என்று நாள் போகும். இடையிடையே யாராவது பழைய பங்குச் சான்றிதழோடு வருவார்கள். தாத்தாவின் பெட்டியில் கிடந்தது, இதற்கு இப்போது காசு கிடைக்குமா என்பதுதான் கேள்வி. பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கம்பனி எப்படி முடிந்தது என்று தெரிய வேண்டும். மூடிவிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூடியதில் பல விதம் உண்டு. வேறொரு கம்பனியோடு சேர்ந்திருந்தால் அந்தப் பங்கு வேறு பெயரில் இன்னும் உயிரோடு இருக்கலாம். கலைத்திருந்தால் கணக்கு முடித்துப் பணம் பிரித்திருப்பார்கள். பதிவேட்டிலிருந்து வெறுமனே நீக்கியிருந்தால், மிச்சமிருந்த சொத்து அரசுக்குப் போயிருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் சான்றிதழில் இன்னொரு சிக்கல். கம்பனிப் பெயரின் முன்பாதியைக் கறையான் தின்றிருந்தது. "ரப்பர் கம்பனி லிமிடெட்" என்ற வால்தான் மிச்சம். வந்தவரின் தாத்தா களனிப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். "தோட்டத்துக்கு இங்கிலீஸ் பேர் எங்களுக்குத் தெரியாது மிஸ், புதுத்தோட்டம்னுதான் சொல்லுவாங்க" என்றார். இதை வைத்துக்கொண்டு கம்பனிப் பதிவாளர் திணைக்களத்துக்குப் போக முடியாது. அங்கே முழுப்பெயரோ பதிவு இலக்கமோ இல்லாமல் எதையும் தேடித் தரமாட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே முதலில் பெர்குசன் டிரெக்டரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒப்சேர்வர் பத்திரிகைக்காரர்களான பெர்குசன் குடும்பத்தார் போட்டுவந்த தடித்த புத்தகம் அது. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் இருந்த வியாபார நிலையங்கள், அரசாங்க உத்தியோகத்தர்கள், தோட்டங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். நூதனசாலை நூலகத்தில் பழைய தொகுதிகளைப் பார்க்கலாம். 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதி அங்கே போய்ச் சேர்ந்ததால், வேறெங்கும் இல்லாதது அங்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

டிரெக்டரியின் தோட்டப் பகுதியில் பலர் புரட்டாமல் தாண்டிவிடும் ஒரு பட்டியல் உண்டு. தோட்டங்களைத் தொழிலாளர்கள் என்ன பெயரால் அழைத்தார்களோ அந்தத் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடுக்கி, எதிரே ஆங்கிலப் பெயரைக் கொடுத்திருப்பார்கள். துரைமாருக்கும் தபால்காரருக்கும் பயன்படட்டும் என்று போட்ட பட்டியல் இன்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் உதவுகிறது. நான் தேடிய புதுத்தோட்டம் அதில் ஒன்றல்ல, பல இடங்களில் இருந்தது. புதிதாகக் காடு வெட்டிய தோட்டமெல்லாம் புதுத்தோட்டம்தானே. மாவட்டத்தை வைத்துச் சலித்து, தேயிலைத் தோட்டங்களைக் கழித்து, களனிப் பள்ளத்தாக்கில் ரப்பர் பயிரிட்ட ஒன்றைப் பிடித்தேன். அந்தத் தோட்டத்துக்குரிய பதிவில் பரப்பளவு, சொந்தக்காரர், முகவர் எல்லாம் இருந்தன. சொந்தக்காரர் என்ற இடத்தில் ஒரு ரப்பர் கம்பனியின் பெயர். சான்றிதழில் மிஞ்சியிருந்த வாலோடு அது பொருந்தியது.

பொருந்தியதுமே துள்ளிவிடக் கூடாது. ரப்பர் கம்பனி என்று முடியும் பெயர்கள் நிறைய. சான்றிதழின் அடியில் செயலாளர்கள் என்று ஓர் ஏஜென்சி ஹவுஸின் முத்திரை இருந்தது. டிரெக்டரியிலும் அதே ஹவுஸ்தான் முகவர் என்று பார்த்த பிறகுதான் நம்பினேன். இதைக் கவனிக்காமல் பலர் அலைகிறார்கள். தோட்டக் கம்பனிகள் பெரும்பாலும் தமக்கென்று அலுவலகம் வைத்திருக்கவில்லை. கோட்டையிலிருந்த ஏஜென்சி ஹவுஸ்தான் செயலாளர், கணக்காளர், பங்குப் பதிவாளர் எல்லாம். பதிவு முகவரியும் அவர்களுடையதே. ஆகவே ஒரே முகவரியில் நிறையக் கம்பனிகள் இருந்தால் குழம்பத் தேவையில்லை.

அடுத்தது, எப்போது முடிந்தது? டிரெக்டரியில் பெயர் எந்த ஆண்டோடு நின்றதோ அதுதான் மூடிய ஆண்டு என்று எடுத்துக்கொள்வது பெரிய பொறி. டிரெக்டரிக்காரர்கள் முந்திய தொகுதியின் விவரத்தையே திரும்ப அச்சிட்டுவிடுவார்கள். இறந்த கம்பனி சில காலம் அதில் நடமாடும். எங்கள் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. பிந்திய ஒரு தொகுதியில் அதே தோட்டத்துக்கு எதிரே அரசாங்கப் பெருந்தோட்ட நிறுவனம் ஒன்றின் பெயர் வந்துவிட்டது. கம்பனியைத் தோட்டப் பகுதியில் எங்குமே காணோம். காரணம் தெரிந்ததுதான். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் காணிகளைத் தொட்டது. பொதுக் கம்பனிகளின் தோட்டங்களை விட்டுவைத்தது. 1975 அக்டோபரில் வந்த திருத்தம் அவற்றையும் எடுத்துக்கொண்டது. எடுத்தது தோட்டத்தைத்தான், கம்பனியை அல்ல. கம்பனி என்ற சட்ட ஆள், தோட்டமில்லாமல், நட்டஈட்டை எதிர்பார்த்துக்கொண்டு கோட்டையில் ஒரு கோப்பாக உட்கார்ந்திருந்தது. 1975இல் கம்பனி போய்விட்டது என்று தாத்தா நினைத்ததில் ஆச்சரியமில்லை. பங்கைப் பொறுத்தவரை உண்மையான கதை அதற்குப் பிறகுதான்.

அந்தக் கதை அரசாங்க வர்த்தமானியில் இருக்கும். கம்பனியைக் கலைக்கத் தீர்மானித்தால் அறிவித்தல் போட வேண்டும். கடன்காரர்களை அழைப்பதும் கடைசிக் கூட்டமும் அப்படித்தான் தெரியவரும். அப்போது நடைமுறையிலிருந்த 1938ஆம் ஆண்டின் கம்பனிகள் கட்டளைச் சட்டத்தின்படி, பதிவாளர் ஒரு கம்பனியை நீக்குவதென்றாலும் மூன்று மாத அவகாசம் கொடுத்து வர்த்தமானியில் அறிவிக்க வேண்டியிருந்தது. வர்த்தமானி வாரந்தோறும் வருவதால் குத்துமதிப்பாகப் புரட்டினால் கண் போய்விடும். ஆகவே ஆரம்ப எல்லையை 1975 அக்டோபர் என்று வைத்துக்கொண்டு, றீட் அவென்யூவில் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் உட்கார்ந்து முன்னோக்கிப் போனேன். பென்சில்தான் கொண்டுபோக வேண்டும். தாளின் ஓரம் பொரிந்து உதிர்ந்து மேசையில் தூளாகக் கிடக்கும், அதைப் பார்த்துப் பயந்தே மெதுவாகப் புரட்டுவேன்.

தேடியது ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. அங்கத்தவர்கள் விசேட தீர்மானம் நிறைவேற்றித் தாமாகவே கலைத்திருந்தார்கள். கலைப்பாளர் பெயர், கூட்டம் நடந்த தேதி, ஏஜென்சி ஹவுஸின் முகவரி. பெயர் முழுமையாக இருந்ததால் பதிவாளர் திணைக்களத்துக்குப் போக வழி பிறந்தது. பின்னால் கடைசிக் கூட்ட அறிவித்தலும் அகப்பட்டது. அதாவது கலைப்பாளர் கணக்கை முடித்து, மிஞ்சியதைப் பிரித்துவிட்டார். சேர்க்கையும் இல்லை, பெயர் மாற்றமும் இல்லை.

குடும்பத்துக்கு இதைச் சொன்னபோது மூத்தவர் கேட்ட கேள்வி நியாயமானது. "அப்ப தாத்தாவோட பங்குப் பணத்த யார் எடுத்தா?" அதற்கு வர்த்தமானி பதில் தராது. பணம் பிரித்ததற்கான பங்குதாரர் பட்டியல் கலைப்பாளரின் தாள்களில் இருந்திருக்கும். அவற்றை எல்லாக் காலத்துக்கும் வைத்திருக்கும் கடமை யாருக்கும் இல்லை. முகவரி மாறி, கடிதம் திரும்பிப் போயிருக்கலாம் என்றேன். அவருக்கு அது திருப்தியில்லை. எனக்கும்தான்.

அவர்கள் கொண்டுவந்த காகிதக் கட்டுக்குள் பவுணில் எழுதிய இன்னொரு சான்றிதழும் இருந்தது. அது லண்டனில் பதிந்த ஸ்டேர்லிங் கம்பனி. தோட்டம் இங்கே இருந்தாலும் கம்பனியின் சாவு அங்கேதான் பதிவாகும். லண்டன் வர்த்தமானியைத் தேட வேண்டும். கலைந்த கம்பனிகளின் கோப்புகள் கியூவில் உள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில் BT 31 என்ற வரிசையில் இருக்கின்றன. ஆனால் பிற்காலத்தவற்றில் ஒரு சிறு பகுதியை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டார்கள். அதைச் சொல்லித்தான் கட்டணம் பேசினேன். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, அந்தப் பவுண் சான்றிதழை மட்டும் என் மேசையில் விட்டுப் போனார்கள்.