0.40 என்று எழுதிய நாற்பது நிமிடம்

கோவையில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் பில்லிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சரவணம்பட்டிப் பக்கம் இருந்த ஒரு ஐ.டி. கம்பெனிக்கு எங்கள் வண்டிகள் ஓடின. இரவு ஷிப்ட் முடித்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவது முக்கியமான வேலை. மாதக் கடைசியில் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் கிலோமீட்டர், நேரம், சராசரி வேகம் மூன்றையும் எக்செல் ஷீட்டில் போட்டு அவர்களுக்கு அனுப்புவோம். ஒரு மாதம் அங்கிருந்து கடுமையான மெயில் ஒன்று வந்தது. கிணத்துக்கடவு ட்ரிப்பில் சராசரி வேகம் 80 என்று இருக்கிறது, இரவில் பெண்களை ஏற்றிக்கொண்டு இந்த வேகத்தில் ஓட்டுபவர் இனி எங்களுக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் கோபப்படவே இல்லை. என் மேஜைக்கு வந்து தன் ட்ரிப் ஷீட்டைக் காட்டச் சொன்னார். கிளம்பியது 10.25, இறக்கியது 11.05, ஓடியது 32 கிலோமீட்டர். மொத்த நேரம் என்ற இடத்தில் அவரே 0.40 என்று எழுதியிருந்தார். "எம்பதுல வந்திருந்தா இருபத்திநாலு நிமிசத்துல எறக்கி உட்டிருப்பனுங்க அம்மிணி. நாப்பது நிமிசம் ஆச்சுன்னு நானேதானுங்க எழுதிக் குடுத்திருக்கறேன்?" என்றார்.

அவர் மனக்கணக்காகச் சொன்ன அந்த இருபத்துநாலில்தான் தப்பு முழுவதும் இருந்தது. 0.40 மணி நேரம் என்றால் அறுபது நிமிடத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு, அதாவது 24 நிமிடம். அவர் எழுதியது நாற்பது நிமிடம். நான் அதை அப்படியே அடித்தேன், ஷீட் 32-ஐ 0.40-ஆல் வகுத்து 80 என்று காட்டியது. நாற்பதை அறுபதால் வகுத்தால் 0.667 மணி. 32-ஐ அதனால் வகுத்தால் 48. நல்ல டிரைவர் ஒருவர் இரவில் போகிற நிதானமான வேகம் அது.

எழுதியதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேப்பரிலும் பஸ் ஸ்டாண்டு போர்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் நாம் நேரத்தைப் புள்ளி வைத்துத்தான் எழுதுகிறோம். 9.45 என்றால் ஒன்பது மணி நாற்பத்தைந்து நிமிடம். ஆனால் வாயால் சொல்லும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் என்கிறோம். முக்கால் என்பது 0.75, பேச்சில் கணக்கு சரியாகவே இருக்கிறது. தாளில் எழுதும்போது 1.45 ஆகிவிடுகிறது, கணினிக்கு அது ஒன்றே முக்காலே இல்லை.

அடுத்து எனக்கு வந்த கவலை, இத்தனை நாள் போட்ட பில்கள். ஒரு மணிக்குக் குறைந்த ட்ரிப்பில் இந்தத் தப்பு 48-ஐ 80 ஆக்குவதால் கண்ணை உறுத்துகிறது. 224 கிலோமீட்டரை 4 மணி 40 நிமிடத்தில் ஓடிய வண்டிக்கும் உண்மை வேகம் 48தான், 4.40 என்று போட்டால் 50.9 வரும். அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தூரத்து ட்ரிப்பில் தப்பு மறைந்து கிடக்கும்.

பழைய ஷீட்டைத் திறந்து நேரம் இருந்த பத்தியை மேலிருந்து கீழே பார்த்தேன். புள்ளிக்குப் பின்னால் 59-ஐத் தாண்டிய எண் ஒன்றுகூட இல்லை. உண்மையான தசம மணியாக இருந்தால் நூறு ட்ரிப்பில் சுமார் நாற்பது .60-லோ அதற்கு மேலோ வந்திருக்கும். அப்போதே தெரிந்துவிட்டது, அந்தப் பத்தியில் இருந்ததெல்லாம் நிமிடங்கள்தான் என்று.

எங்கள் லோக்கல் பேக்கேஜ் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர். அதற்கு மேல் மணிக்கு 150 ரூபாய். ஒரு வண்டி காலை 7.20-க்கு ஷெட்டிலிருந்து கிளம்பி மாலை 6.05-க்குத் திரும்பியிருந்தது. 10 மணி 45 நிமிடம், கூடுதல் 2 மணி 45 நிமிடம். பில்லில் 2.45-ஐ 150-ஆல் பெருக்கி 367.50 போட்டிருந்தேன். சரியானது 2.75 பெருக்கல் 150, 412.50. குறைவு 45 ரூபாய், நிமிடமும் 45. அடுத்த பில்லில் 20 நிமிடம், 20 ரூபாய் குறைவு. முதலில் தற்செயல் என்று நினைத்தேன், பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நிமிடத்தை 60-ஆல் வகுப்பதற்கும் 100-ஆல் வகுப்பதற்கும் உள்ள வித்தியாசம், அந்த நிமிடத்தை 150-ஆல் வகுத்தால் வருவது. எங்கள் ரேட்டும் 150 என்பதால், புள்ளிக்குப் பின்னால் எத்தனை நிமிடமோ அத்தனை ரூபாய் ஒவ்வொரு பில்லிலும் போயிருந்தது. குறைத்துப் போட்ட பில்லைப் பற்றி எந்த கஸ்டமரும் போன் செய்வதில்லை.

சரிசெய்யப் போன முதல் முயற்சியும் தப்பாகத்தான் போனது. மொத்த நேரத்தை டிரைவர் எழுத வேண்டாம், கிளம்பிய நேரமும் திரும்பிய நேரமும் போதும், ஷீட்டே கழிக்கட்டும் என்று முடிவு செய்தோம். 18.05-லிருந்து 7.20 போனால் 10.85. பார்க்க நல்ல தசம எண் மாதிரியே இருக்கிறது. ஆனால் சரியானது 10.75. கழிக்கும்போது கடன் வாங்கிய ஒரு மணியை ஷீட் 60 நிமிடமாக எடுக்காமல் 100 ஆக எடுத்துக்கொண்டது. இப்போது பில் 15 ரூபாய் கூடிவிட்டது. இதை மட்டும் கஸ்டமரின் அக்கவுண்ட்ஸில் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பத்தியில் .85 இருந்ததால் என் 59 சோதனையும் இங்கே உதவவில்லை.

கடைசியில் புள்ளியை விட்டுவிட்டு 7:20, 18:05 என்று அடிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் எக்செல் அதை நேரமாக எடுத்துக்கொள்ளும். அங்கேயும் ஒரு இடறல் உண்டு. எக்செலுக்குள் நேரம் என்பது ஒரு நாளின் பங்கு. 2:45 என்று காட்டும் கட்டத்தை 150-ஆல் பெருக்கினால் 17.19 ரூபாய்தான் வரும். 24-ஆல் பெருக்கிய பிறகுதான் அது 2.75 மணி ஆகும். இரவு 21:30-க்குக் கிளம்பி நள்ளிரவு தாண்டி 1:15-க்கு இறங்கும் வண்டிக்குச் சும்மா கழித்தால் மைனஸில் போகும். அதனால் B பத்தியில் கிளம்பிய நேரம், C பத்தியில் திரும்பிய நேரம் வைத்து எல்லா வரிக்கும் இதையே போட்டேன்:

```
=MOD(C2-B2,1)*24
```

21:30-க்கும் 1:15-க்கும் இது 3.75 கொடுக்கும். ஒரு நாளுக்கு மேல் ஓடும் வண்டிக்கு இது உதவாது, முழு 24 மணி நேரத்தை விழுங்கிவிடும். அந்த ட்ரிப்புகளுக்குத் தேதியையும் சேர்த்தே அடித்து, MOD இல்லாமல் =(C2-B2)*24 என்று போட வேண்டும். பதிலை இரண்டு இலக்கத்துக்கு வெட்டி வைப்பதையும் நிறுத்தினேன். 20 நிமிடத்தை 0.33 என்று வைத்தால் மூன்று முறை சேர்த்த ஒரு மணி நேரம் 0.99 ஆகிறது. ரூபாய் வந்த பிறகுதான் ரவுண்ட் செய்வேன்.

கம்பெனிக்கு அந்த மாதத்து ஷீட் முழுவதையும் திருத்தி, பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அனுப்பினோம். டிரைவர் அண்ணன் மேல் கொடுத்த புகாரை அவர்கள் எழுத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ட்ரிப் ஷீட்டையும் மாற்றி அச்சடித்தோம்: மொத்த நேரத்துக்கு மணி, நிமிடம் என்று இரண்டு தனிக் கட்டம், நடுவில் புள்ளி வைக்க இடமே இல்லாமல். புதுத் தாள்களின் முதல் கட்டை அவர்தான் வாங்கிப்போனார். அடுத்த நாள் வந்த தாளில் முதல் கட்டத்தில் 0, இரண்டாவதில் 42.