மாதப் பெட்டி கையைக் கடிக்காமல் இருக்க எத்தனை பேர் வேண்டும்? சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

2024 ஜூலை 6

முதல் மாதப் பெட்டிகள் அனைத்தும் போய்ச் சேர்ந்துவிட்டன. மொத்தம் 31. வறுத்து அரைத்த சாம்பார்த் தூள், மோர் மிளகாய், வடகம், எலுமிச்சை ஊறுகாய், ஒரு பொட்டலம் முறுக்கு. பட்டணத்துக்குக் குடிபோய்விட்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அம்மாவின் கைப்பக்குவத்தை மாதந்தோறும் அனுப்ப வேண்டும் என்பதே என் எண்ணம். சந்தா 59 ரிங்கிட், அஞ்சல் செலவும் அதற்குள் அடக்கம்.

தொடங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்தேன். பெட்டிக்குள் வைக்கும் பொருளுக்கு 27.40, அட்டைப்பெட்டிக்கும் ஒட்டுநாடாவுக்கும் 4.10. ஆக, 31.50. சந்தாவில் 27.50 மிஞ்சுகிறது. பெட்டி எத்தனை போனாலும் மாறாத மாதச் செலவு 720 ரிங்கிட்: அறை வாடகை 300, கட்டுவதற்கு வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு நாள் கூலி 180, இணையதளக் கட்டணம் 130, தொலைபேசிக்கும் பெட்ரோலுக்கும் 110. 720ஐ 27.50ஆல் வகுத்தேன். 27 பேர் இருந்தால் போதும் என்று வந்தது. 31 பேர் சேர்ந்ததும் நிம்மதியாக உறங்கினேன்.

இன்று வங்கிக் கணக்கைப் பார்த்தால் ஏறத்தாழ 200 ரிங்கிட் குறைகிறது. எங்கே போனது என்று இரவு முழுவதும் தேடினேன்.

2024 ஜூலை 7

அப்பாவிடம் காட்டினேன். அவர் முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியவர். தாளைப் பார்த்ததும் கேட்டார்: "பால் எடையை எழுதியிருக்கிறாய். ரப்பர் எடை எங்கேம்மா?"

எனக்கு உடனே புரிந்தது. ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பவர்கள் வாளியில் கொண்டுவரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். அதனால்தான் வாளியை நிறுத்ததோடு விடாமல், மெட்ரோலாக் என்ற அளவுமானியைப் பாலில் மிதக்கவிட்டு, உலர்ந்தால் எவ்வளவு தேறும் என்று குறிப்பார்கள். என் 59 ரிங்கிட்டிலும் தண்ணீர் இருக்கிறது. அதை வடிக்காமலேயே வகுத்துவிட்டேன்.

இருவருமாக உட்கார்ந்து வடித்தோம். தீபகற்பத்துக்குள் ஒரு பெட்டி அனுப்ப 8 ரிங்கிட். பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் ஒவ்வொரு அட்டைப் பரிவர்த்தனைக்கும் 3 சதவீதமும் அதன்மேல் 1 ரிங்கிட்டும் எடுக்கிறது. அந்த 3 சதவீதம் என் லாபத்தின்மேல் இல்லை, வாடிக்கையாளர் கட்டும் முழு 59 ரிங்கிட்டின்மேல். அது 1.77. ஒரு ரிங்கிட்டையும் சேர்த்தால் 2.77. எனவே:

```
59.00 - 31.50 - 8.00 - 2.77 = 16.73
720 / 16.73 = 43.04
```

ஒரு பெட்டி எனக்கு உண்மையில் விட்டுச் செல்வது 16.73. 43 பேர் போதும் என்று எழுதப் போனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். 43 பெட்டிகள் 719.39தான் தரும், இன்னும் 61 காசு குறையும். ஆளைப் பின்னமாகச் சேர்க்க முடியாது, எப்போதும் மேலே உள்ள முழு எண்ணுக்குத்தான் போக வேண்டும். ஆக, 44. நான் நம்பியிருந்தது 27.

2024 ஜூலை 16

கூரியர் நிறுவனத்தின் மாத ரசீது வந்தது. பெட்டிக்கு 8 ரிங்கிட் என்று எழுதி வைத்த இடத்தில் 10.50 இருக்கிறது. தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று ஈப்போ கிளைக்குத் தொலைபேசியில் பேசினேன். தவறில்லை. என் பெட்டி தராசில் 1.8 கிலோ. ஆனால் அவர்கள் பருமனையும் எடையாக மாற்றிப் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, வருகிற எண்ணும் தராசின் எண்ணும் எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம்.

என் பெட்டி 30, 25, 20. பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ. ஊறுகாய் பாட்டில் உடையக்கூடாதே என்று பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கி, உள்ளே கசக்கிய தாளை நிரப்பியிருந்தேன். அந்தத் தாளுக்கும் காற்றுக்கும் ஒரு கிலோவுக்கு மேல் பணம் கட்டியிருக்கிறேன். இந்த 2.50 ரிங்கிட்டால் 16.73 என்பது 14.23 ஆகிறது. தேவைப்படும் ஆட்கள் 44லிருந்து 51க்கு ஏறுகிறார்கள். ஏழு பேரைப் புதிதாகத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். பெட்டியை மாற்றுவது ஒரு நாள் வேலை.

2024 ஜூலை 20

28, 22, 15 அளவில் பெட்டி கிடைத்தது, விலையும் முன்பு போலவே. கணக்கில் 1.85 கிலோ வருகிறது, 2 கிலோவுக்குள் அடங்குகிறது, கட்டணம் மீண்டும் 8 ரிங்கிட். முறுக்கு மட்டும் நசுங்கியது. தட்டையான டப்பாவில் அடுக்கி அக்கா சரிசெய்து கொடுத்தார். கூரியர் மாற்றுகிறவர்கள் வகுக்கும் எண்ணை முதலில் கேளுங்கள். சில இடங்களில் 6000 என்று வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அதே பெட்டி பருமன் கணக்கில் இன்னும் இலேசாகிவிடும்.

2024 ஆகஸ்ட் 3

இந்த மாதம் 40 பேர். கூச்சிங்கிலிருந்தும் தாவாவிலிருந்தும் கடிதம் வந்தபோது மனம் நிறைந்துபோனது. நாற்பதில் 8 பேர் சபா, சரவாக்கில் இருக்கிறார்கள். கடல் தாண்டி அனுப்ப ஒரு பெட்டிக்கு 19 ரிங்கிட். அவர்களிடமும் 59தான் வாங்குகிறேன், ஆகவே ஒரு பெட்டி விட்டுச் செல்வது 5.73.

எல்லாரும் அங்கேயே இருந்தால் எனக்கு 126 பேர் வேண்டியிருக்கும். நல்லவேளை, பத்தில் இரண்டு பேர்தான். பத்துப் பெட்டிகளின் மிச்சத்தைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 14.53. வேண்டியவர்கள் 50. இதில் என்னைக் கலங்கவைத்தது வேறு. யாரும் போகவில்லை, விலையும் ஏறவில்லை. வாடிக்கையாளர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது மாறியதற்கே எண் நகர்ந்துவிட்டது. இனி மாதந்தோறும் தபால் குறியீட்டைப் பார்த்துப் பிரித்து எண்ணத்தான் வேண்டும்.

2024 ஆகஸ்ட் 5

கடல் தாண்டும் பெட்டிக்குக் கூடுதலாக 10 ரிங்கிட் கேட்பதாக முடிவு செய்தேன். எட்டுப் பேருக்கும் காரணத்தை விளக்கிக் கடிதம் எழுதினேன், எவரும் விலகவில்லை. ஆனால் அந்த 10 முழுதாக என் கைக்கு வராது. அஞ்சல் செலவுக்காக வாங்கும் பணத்திலும் வசூல் நிறுவனம் 3 சதவீதம் எடுக்கும், 9.70தான் கிடைக்கும். கூடுதல் செலவான 11 ரிங்கிட்டை முழுவதுமாக ஈடுகட்ட வேண்டுமானால், 11ஐ 0.97ஆல் வகுத்து 11.34 கேட்டிருக்க வேண்டும். மீதியை நானே ஏற்றுக்கொள்கிறேன், தொலைவில் இருப்பவர்கள் அவர்கள். இப்போது அந்தப் பெட்டி 15.43 தருகிறது. சராசரி 16.47. வேண்டியவர்கள் மீண்டும் 44.

2024 செப்டம்பர் 2

48 பேர்! 44ஐத் தாண்டிவிட்டோம் என்று அம்மா பாயசம் வைத்தார்.

2024 செப்டம்பர் 4

பாயசத்துக்கு அவசரப்பட்டுவிட்டோம். இந்த மாதமும் 72 ரிங்கிட் குறைகிறது.

புதிதாகச் சேர்ந்த 10 பேருக்கும் முதல் பெட்டிக்கு 15 ரிங்கிட் தள்ளுபடி கொடுத்திருந்தேன். அவர்கள் கட்டியது 44. பொருளும் அட்டையும் 31.50, அஞ்சல் 8, வசூல் கட்டணம் 2.32. எனக்கு விழுந்தது 2.18. பழையவர்கள் 38 பேர் தந்தது 625.86, புதியவர்கள் பத்துப் பேரும் சேர்ந்து தந்தது 21.80. கூட்டினால் 647.66. மாறாச் செலவுக்குத் தலைக்கணக்கு தெரியாது, 720 கேட்கிறது.

44 என்பது முழு மிச்சம் தருகிற பெட்டிகளின் எண்ணிக்கை. முதல் மாதத்துப் புதியவர்கள் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஒரு பழையவருக்கு ஈடாகிறார்கள். அவர்கள் அடுத்த மாதம் தங்கினால் கவலையில்லை. தங்காமல் போனால், அடுத்த தள்ளுபடி கொடுத்து அடுத்த ஆளைப் பிடிக்கிறேன், எண்ணிக்கை 48லேயே நிற்கிறது, பணம் ஒவ்வொரு மாதமும் கசிகிறது. புதியவர்கள் வந்துகொண்டே இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வளர்ச்சியாகவே தெரியும். ஆகவே என் ஏட்டில் இனி "மொத்தம்" என்று ஒரே கட்டம் இருக்காது. பழையவர், புதியவர், விலகியவர் என்று மூன்று கட்டங்கள்.

தள்ளுபடியையும் நிறுத்துகிறேன். அதற்குப் பதிலாக மூன்றாவது பெட்டியில் 4 ரிங்கிட் அடக்கவிலையுள்ள கருவாட்டுச் சம்பல் ஒரு புட்டி. தங்குகிறவருக்கு மட்டும்தான் அந்தச் செலவு. அந்த மாதத்திலும் தீபகற்பத்தில் இருப்பவரின் பெட்டி 12.73 தரும்.

2024 செப்டம்பர் 8

அப்பா ஏட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்காவின் கூலி இருக்கிறது. உன் கூலி எங்கே? கிராணிக்கும் சம்பளப் பட்டியலில் பெயர் உண்டு" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. மாதத்தில் பத்து நாள் உழைக்கிறேன், அம்மி அரைவைக்கு அம்மா எழுகிற நேரத்தைச் சேர்க்காமலேயே. 600 ரிங்கிட் என்று எழுதினேன். மாறாச் செலவு 1,320 ஆனது. 16.47ஆல் வகுத்தால் 80.15. ஆக, 81 பேர்.

எழுதி முடிக்கும்போது அக்கா தேநீர் கொண்டுவந்தார். 81 பெட்டிகளை இரண்டு நாளில் கட்ட முடியுமா என்று கேட்டேன். "அறுபது வரைக்கும் முடியும். அதற்கு மேல் போனால் இன்னொரு நாள் வர வேண்டும் தங்கச்சி" என்றார். ஒரு நாள் கூலி 90. மாறாத செலவு என்று நான் எழுதி வைத்தது அறுபதுவரைக்கும்தான் மாறாதது. 1,410ஐ 16.47ஆல் வகுத்தால் 85.61. எண் 86க்குப் போனது.

அடுத்த மாதத்துக்கு 60 அட்டைப்பெட்டிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். 44க்கும் 60க்கும் நடுவே நின்றால் என் கூலியில் ஒரு பகுதியாவது வரும், அக்காவுக்கும் மூன்றாம் நாள் தேவைப்படாது. நாளை மிளகாய் காயவைக்க வேண்டும், வெயில் இருந்தால்.